வட்டி கட்டினா டேக்ஸ் மிச்சம்தான்... ஆனா எவ்வளவு?

"கடன் வாங்காத கம்பெனிக்கு பிசினஸ் தெரியல. வட்டிய செலவா காட்டி டேக்ஸ் மிச்சம் பண்ணலாமே!" இந்த வாதத்தை நீங்க கண்டிப்பா கேட்டிருப்பீங்க. மிட்-சைஸ் கம்பெனி ஒண்ணு புதுசா லோன் எடுத்து விரிவாக்கம் பண்ணப் போகுதுன்னு நியூஸ் வந்தா, அதை ஆதரிச்சுப் பேசுறவங்க முதல்ல எடுத்து வைக்கறது இதைத்தான்.

வாதம் பொய் இல்ல. டிவிடெண்ட் என்பது டேக்ஸ் கட்டின பிறகு மிஞ்சற லாபத்துல இருந்து போகுது. வட்டியோ டேக்ஸ் கணக்கு போடறதுக்கு முன்னாடியே கழிஞ்சுடும். அதனால ஒரே லாபம் சம்பாதிக்கற ரெண்டு கம்பெனியில, கடன் இருக்கற கம்பெனி கவர்ன்மென்டுக்குக் கொஞ்சம் கம்மியா கட்டும். இதுக்குப் பேர் டேக்ஸ் ஷீல்டு. மோடிக்லியானி, மில்லர் ரெண்டு பேரும் 1963-லயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிட்டாங்க. அப்படின்னா எல்லா கம்பெனியும் கழுத்து வரைக்கும் கடன் வாங்க வேண்டியதுதானே? வாங்க மாட்டாங்க. கடன் கூடக் கூட, அதைக் கட்ட முடியாம திணறுற வாய்ப்பும் கூடும். அந்தத் திணறலுக்கு ஒரு செலவு இருக்கு. இந்தப் பக்கம் டேக்ஸ் மிச்சம், அந்தப் பக்கம் நெருக்கடிச் செலவு. எவ்வளவு கடன் சரின்னு இது ரெண்டையும் தராசுல வச்சுத்தான் பாக்கணும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இன்னிக்கு இந்தியாவுல ஒரு மிட்-சைஸ் கம்பெனிக்கு இந்தத் தராசுல டேக்ஸ் பக்கம் நாம நினைக்கறதை விட ரொம்ப லேசு. நெருக்கடிப் பக்கம் நாம நினைக்கறதை விட ரொம்ப கனம். "டேக்ஸ் மிச்சமாகும்" என்பதை மட்டும் காரணமா சொல்லி ஒரு கம்பெனி கூடுதலா கடன் வாங்கினா, பங்குதாரரா இருக்கற நீங்க அதுக்குக் கை தட்ட வேண்டாம். அங்கேயே வேலை பாக்கறவரா இருந்தா, இன்னும் கொஞ்சம் உன்னிப்பா கவனிங்க.

சும்மா சொன்னா நம்பிக்கை வராது. ஒரு கற்பனை கம்பெனியை வச்சுக் கணக்கு போட்டுடலாம்.

ஒரு நூற்பாலை, 90 கோடி தேவை

திண்டுக்கல் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்னு வச்சுக்கோங்க. பங்குச் சந்தையில லிஸ்ட் ஆன கம்பெனி. வருஷ விற்பனை 450 கோடி. வட்டி, டேக்ஸ், தேய்மானம் கழிக்கறதுக்கு முன்னாடி உள்ள லாபம், அதாவது எபிட்டா, 48 கோடி. ஏற்கனவே 80 கோடி கடன் இருக்கு. அதுல 50 கோடி பஞ்சு வாங்கவும் நூல் விற்ற பணம் வர்ற வரைக்கும் சமாளிக்கவும் பேங்க் கொடுத்திருக்கற கேஷ் கிரெடிட். மீதி 30 கோடி பழைய டெர்ம் லோன், வருஷத்துக்கு 6 கோடி அசல் கட்டணும்.

இப்போ 90 கோடிக்குப் புது மெஷின் போடணும். போட்டா எபிட்டா 64 கோடியா உயரும். பணத்துக்கு ரெண்டு வழி. முதல் வழி, 90 கோடியும் லோன். ரெண்டாவது வழி, 30 கோடி லோன், 60 கோடிக்கு ரைட்ஸ் இஷ்யூ. அதாவது இருக்கற பங்குதாரர்களுக்கே புதுப் பங்கு கொடுத்து பணம் திரட்டறது. எல்லா கடனுக்கும் வட்டி 10%, புது லோனை ஆறு வருஷத்துல சம தவணையா அடைக்கணும்னு எடுத்துக்குவோம்.

ஆக ரெண்டு வழிக்கும் வித்தியாசம் 60 கோடி கூடுதல் கடன். இந்த 60 கோடியால டேக்ஸ் எவ்வளவு மிச்சம்? நிறைய பேர் போடற கணக்கு இது: 60 கோடி × 25.17% = 15.1 கோடி. பாடப்புத்தகத்துல இருக்கற ஃபார்முலாவும் இதேதான். மில்லோட மதிப்பு அப்படியே 15 கோடி கூடிடுச்சுன்னு சொல்லிடலாம்.

இந்த ஃபார்முலாவுக்குள்ள ஒரு நிபந்தனை ஒளிஞ்சிருக்கு. கடன் என்னிக்கும் அடைபடாம அப்படியே நிக்கணும். அப்போதான் இந்த விடை சரி. நம்ம மில்லோட லோன் ஆறு வருஷத்துல தீர்ந்துடும். 60 கோடிக்கு முதல் வருஷ வட்டி 6 கோடி, அடுத்த வருஷம் 5, அப்புறம் 4, 3, 2, 1. மொத்தம் 21 கோடி வட்டி. இதுல மிச்சமாகிற டேக்ஸை இன்னிய மதிப்புக்கு மாத்தினா கிட்டத்தட்ட 4.1 கோடிதான் வருது. 15 கோடின்னு நினைச்சது நாலு கோடியா சுருங்கிடுச்சு.

இன்னொரு விஷயமும் இருக்கு. 2019 செப்டம்பர்ல கவர்ன்மென்ட் கம்பெனிகளுக்கு ஒரு புது ஆப்ஷன் கொடுத்துச்சு. சில சலுகைகளை விட்டுக் கொடுத்துட்டா அடிப்படை வரி 22%; சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேத்து 25.17%. அதுக்கு முன்னாடி 30% அடிப்படை வரியில இருந்த கம்பெனி மொத்தமா 34.94% வரைக்கும் கட்டிட்டிருந்துச்சு. அப்போ நூறு ரூபாய் வட்டிக்கு 35 ரூபாய் டேக்ஸ் மிச்சம். இப்போ 25 ரூபாய். நீங்க சம்பளத்துக்கு நியூ ரெஜிம் எடுத்த பிறகு ஹோம் லோன் வட்டியைப் பத்தின பேச்சே மாறிப் போச்சுல்ல? கம்பெனிக்கு வட்டிக் கழிவு இன்னும் இருக்கு. ஆனா அதோட பலன் தேய்ஞ்சு போச்சு. "கடன்னா டேக்ஸ் மிச்சம்" என்ற பழைய பேச்சு மட்டும் பழைய ரேட்லயே ஓடிட்டிருக்கு.

பஞ்சு விலை ஏறின வருஷம்

இப்போ தராசோட அடுத்த பக்கம். முதல்ல நல்ல வருஷம் பாத்துடலாம். எபிட்டா 64 கோடி. முழு லோன் வழியில மொத்தக் கடன் 170 கோடி, வட்டி 17, அசல் 21. பேங்குக்கு மட்டும் 38 கோடி போகணும். தேய்மானம் 26 கோடின்னு வச்சா டேக்ஸ் 5.3 கோடி. எல்லாம் கட்டியும் கையில 20 கோடிக்கு மேல நிக்கும். ரைட்ஸ் வழியில கடன் 110 கோடி, வட்டி 11, அசல் 11, டேக்ஸ் 6.8. முதல் வழியில டேக்ஸ் ஒன்றரை கோடி கம்மி. ப்ரசன்டேஷன்ல காட்டறது இந்த வருஷத்தைத்தான். பாக்க அழகா இருக்கும்.

ஸ்பின்னிங் தொழில்ல மார்ஜின் பஞ்சு விலைக்கும் நூல் விலைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருக்கும். பஞ்சு ஏறி நூல் ஏறலன்னா, விற்பனை குறையாமலே லாபம் பாதியா போயிடும். எபிட்டா 35 கோடிக்கு விழுந்த ஒரு வருஷத்தை எடுத்துக்கோங்க.

முழு லோன் வழியில 35-ல இருந்து தேய்மானம் 26, வட்டி 17 கழிச்சா 8 கோடி நஷ்டம். டேக்ஸ் பூஜ்யம். ரைட்ஸ் வழியிலயும் 2 கோடி நஷ்டம், டேக்ஸ் பூஜ்யம். அதாவது அந்த வருஷம் ரெண்டு பேரும் ஒரே டேக்ஸ்தான் கட்டறாங்க. கூடுதல் கடன் வாங்கினதுக்கான மிச்சம் கைக்கு வரல. நஷ்டத்தை அடுத்த வருஷங்களுக்கு எடுத்துட்டுப் போலாம், உண்மைதான். ஆனா தவணை அடுத்த வருஷம் வரைக்கும் காத்திருக்காது. டேக்ஸ் ஷீல்டு எதுக்குக் கவசம்னு பேர் வாங்குச்சோ தெரியல. அடி விழற வருஷத்துல அது அங்க இருக்கறதில்ல.

பேங்குக்குக் கட்ட வேண்டியது மாறாது. முழு லோன் வழியில 38 கோடி கட்டணும், கையில 35. மூணு கோடி துண்டு விழுது. ரைட்ஸ் வழியில 22 கோடி கட்டிட்டு 13 கோடி மிச்சம் இருக்கு.

மூணு கோடிதானே, 450 கோடி கம்பெனிக்கு அது ஒரு காசான்னு தோணும். அங்கதான் நிறைய பேர் நெருக்கடிச் செலவைத் தப்பா புரிஞ்சுக்கறாங்க. கம்பெனி திவாலாகி, கோர்ட்டுக்குப் போய், வக்கீலுக்கு ஃபீஸ் கட்டறதுதான் நெருக்கடிச் செலவுன்னு நினைக்கறாங்க. அது கடைசி அத்தியாயம். அமெரிக்க ரயில்வே கம்பெனிகள் திவாலானதை வச்சு ஜெரால்ட் வார்னர் 1977-ல பண்ணின ஆய்வுல, கோர்ட், வக்கீல் மாதிரியான நேரடிச் செலவு கம்பெனி மதிப்புல சில சதவீதத்தைத் தாண்டல. பெரிய அடி கோர்ட்டுக்கு ரொம்ப முன்னாடியே, வெளிய தெரியாம விழுது.

மில்லுல அது எப்படி நடக்கும்னு பாருங்க. தவணை நாள் தாண்டின உடனே பேங்க் அந்தக் கணக்கை கவனிக்க வேண்டிய கணக்குன்னு குறிச்சு வைக்கும். தாமதம் 30 நாள் தாண்டினா ஒரு படி மேல, 60 நாள் தாண்டினா இன்னொரு படி, 90 நாள் தாண்டினா வாராக்கடன். 5 கோடிக்கு மேல கடன் இருக்கற கம்பெனின்னா இந்தத் தகவல் ரிசர்வ் பேங்கோட பதிவேட்டுக்குப் போயிடும். மத்த பேங்குகளும் பாக்கலாம். ரேட்டிங் ஏஜென்சிகள் டெர்ம் லோன் தவணை ஒரு நாள் தாமதமானாலே டிஃபால்ட்னு எடுத்துக்குவாங்க. அந்த அளவுக்குப் போகாம, ரேட்டிங் ஒரு படி இறங்கி பேங்க் வட்டியை 1% ஏத்துச்சுன்னே வச்சுக்கோங்க. 170 கோடிக்கு 1.7 கோடி. நல்ல வருஷத்துல மிச்சமான டேக்ஸ் எவ்வளவு? ஒன்றரை கோடி. முடிஞ்சது கதை. இத்தனைக்கும் இது நெருக்கடியோட முதல் படி.

அடுத்து பஞ்சு. அறுவடை முடிஞ்சு சந்தைக்கு வரத்து அதிகமா இருக்கறது அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும். பணம் உள்ள மில் அப்போ தரம் பாத்து, லாட் பாத்து, மொத்தமா வாங்கி வச்சுக்கும். நம்ம மில்லுக்கு அந்த நேரத்துல பேங்க் லிமிட்டை இறுக்கிடுச்சு. ஸ்டாக் குறைஞ்சா அதை ஈடா வச்சு எடுக்கற பணமும் குறையும். பணம் குறைஞ்சா ஸ்டாக் இன்னும் குறையும். ஜின்னிங் ஃபேக்டரிக்காரர் நேத்து வரைக்கும் கடனுக்கு பேல் அனுப்பினவர், இன்னிக்கு "முதல்ல பணம் போடுங்க"ன்னு சொல்வார். கடைசியில வாரா வாரம் கையில இருக்கற காசுக்குக் கிடைச்ச பஞ்சை வாங்கி ஓட்ட வேண்டியதுதான். வருஷத்துக்கு 300 கோடிக்கு பஞ்சு வாங்கற இடத்துல வெறும் 3% விலை கூடினா 9 கோடி. ஆறு வருஷமும் சேத்து மிச்சமாகிற டேக்ஸோட இன்னிய மதிப்பே 4.1 கோடிதான், ஞாபகம் இருக்கா?

அதோட நிக்காது. வேற வேற ஊர் பஞ்சைக் கலந்து ஓட்டினா நூல் ஒரே மாதிரி வராது. திருப்பூர்ல அதை வாங்கி பின்னி சாயம் போட்டா துணியில ஷேட் மாறி கோடு கோடா தெரியும். ஒரு தடவை பொறுத்துக்குவாங்க. ரெண்டாவது தடவை வேற மில்லுக்குப் போயிடுவாங்க. நல்ல ஸ்பின்னிங் மாஸ்டருக்கு பக்கத்து மில்லுல இருந்து ஃபோன் வரும். மெஷின் பராமரிப்பு தள்ளிப் போகும். இதுல எதுவுமே பேலன்ஸ் ஷீட்ல "நெருக்கடிச் செலவு"ன்னு தனி வரியா வராது. லாபம் குறைஞ்சதா மட்டும் தெரியும், மேனேஜ்மென்ட்டும் "மார்க்கெட் சரியில்ல"ன்னு சொல்லிடும்.

இதை அளக்க முயற்சி பண்ணினவங்க உண்டு. ஆன்ட்ரேட், கப்லான் ரெண்டு பேரும் 1998-ல வெளியிட்ட ஆய்வுல, தொழில் நல்லா இருந்தும் அதிகக் கடனால சிக்கின 31 அமெரிக்க கம்பெனிகளை எடுத்தாங்க. நெருக்கடிச் செலவு கம்பெனி மதிப்புல 10-ல இருந்து 20% வரைக்கும் வந்துச்சு. அது பெரிய கடனோட நடந்த கைமாற்றங்கள். நம்ம மில்லுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஒரு அளவுகோலா வச்சுக்கலாம். மில்லோட மொத்த மதிப்பு 300 கோடின்னா, நடுவுல 15% எடுத்தா 45 கோடி சேதம். டேக்ஸ் மிச்சம் 4.1 கோடி. அப்போ கூடுதல் கடனால நெருக்கடி வர்ற வாய்ப்பு வெறும் 9 சதவீதப் புள்ளி கூடினாலே மிச்சமான டேக்ஸ் முழுக்க கரைஞ்சுடும். பஞ்சு விலை ஒரு வருஷம் முரண்டு பிடிக்கறதுக்கு இந்த ஆறு வருஷத்துல பதினொண்ணுல ஒரு வாய்ப்புதானா? ஸ்பின்னிங் தொழில்ல இருக்கற யாரைக் கேட்டாலும் சிரிப்பாங்க.

அப்போ கடனே வேண்டாமா?

அப்படிச் சொல்லல. ரைட்ஸ் வழியிலயும் 110 கோடி கடன் இருக்கே. மழை பெய்தாலும் வெயில் அடிச்சாலும் பணம் வர்ற தொழில்கள் இருக்கு. நீண்டகால ஒப்பந்தத்துல மின்சாரம் விற்கற கம்பெனி, சுங்கச் சாலை மாதிரி. விலை ஆட்டம் கம்மி, சொத்தை வித்தாலும் விலை போகும். அவங்க இன்னும் நிறைய கடன் தாங்குவாங்க. சாஃப்ட்வேர் கம்பெனிக்கு நல்ல வருஷத்துல கூட பெரிய கடன் ஒத்து வராது. அதோட சொத்து சாயங்காலம் ஆறு மணிக்கு லிஃப்ட்ல இறங்கி வீட்டுக்குப் போயிடும். ஜீரோ டெட் கம்பெனின்னாலே தங்கம்னு நினைக்கறதும் தப்புதான். சும்மா கிடக்கற பணத்தை சம்பந்தமே இல்லாத தொழில்ல போட்டுக் கரைச்ச கம்பெனிகளும் உண்டு. தவணை கட்டணுமேங்கற பயம் சில ப்ரொமோட்டர்களை ஒழுங்கா வச்சிருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லணும். மிட்-சைஸ் குடும்பக் கம்பெனி லோனைத் தேர்ந்தெடுக்கறதுக்கு டேக்ஸ் நிஜக் காரணமா இருக்கறது அபூர்வம்னு நான் நினைக்கறேன். ரைட்ஸ் இஷ்யூ போட்டா ப்ரொமோட்டரும் தன் பங்குக்குப் பணம் இறக்கணும். இறக்கலன்னா அவர் கையில இருக்கற சதவீதம் குறையும். லோன்ல அந்தத் தொல்லை இல்ல. டேக்ஸ் என்பது மீட்டிங்ல சொல்றதுக்கு கௌரவமான காரணம். இதுல அவங்களுக்கும் ஆபத்து இருக்கு; பேங்க் பெரும்பாலும் ப்ரொமோட்டரோட தனிப்பட்ட கேரண்டியை வாங்கிக்கும், கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போனாலும் கேரண்டி கொடுத்தவரை விடாம துரத்தலாம்னு சுப்ரீம் கோர்ட் 2021-ல தெளிவா சொல்லிடுச்சு.

இப்போ உங்க விஷயத்துக்கு வர்றேன். பங்குதாரர் பத்து கம்பெனியில பணத்தைப் பிரிச்சுப் போடலாம். அங்க வேலை பாக்கறவர் தன் உழைப்பை ஒரே கம்பெனியிலதான் போட்டிருக்கார். டேக்ஸ் மிச்சம் பங்குதாரருக்குப் போகும்; நெருக்கடிச் செலவுல ஒரு பங்கு சம்பளம் தள்ளிப் போறதா, இன்க்ரிமென்ட் நின்னு போறதா, பி.எஃப் கட்டாம விடறதா உங்க தலையில விழும். திவால் சட்டப்படி கம்பெனியைக் கலைச்சா, தொழிலாளர்களோட 24 மாச பாக்கி அடமானம் வாங்கின பேங்குகளோட சமமா நிக்கும். தொழிலாளர்ங்கற வரையறைக்குள்ள வராத ஆபீஸ் ஊழியர்களுக்கு அதுக்கு அடுத்த வரிசைதான், அதுவும் 12 மாச பாக்கிக்கு மட்டும்.

அதனால கம்பெனி பெரிய லோன் எடுத்த செய்தி வந்தா சில இடங்களைப் பாருங்க. ஆண்டறிக்கையில ஆடிட்டர் ரிப்போர்ட்டோட இணைப்பு ஒண்ணு வரும். பெரும்பாலும் யாரும் படிக்காத பக்கம். பி.எஃப், ஈ.எஸ்.ஐ மாதிரி சட்டப்படி கட்ட வேண்டிய பணத்துல பாக்கி இருக்கா, லோன் தவணையில தவறியிருக்காங்களான்னு அதுல ஆடிட்டர் சொல்லியே ஆகணும். அப்புறம் அடுத்த ஒரு வருஷத்துல கட்ட வேண்டிய அசல் எவ்வளவுன்னு கடன் பத்தின குறிப்புல பாருங்க. அதையும் வட்டியையும் கூட்டி, கடந்த பத்து வருஷத்துல மோசமான வருஷத்து எபிட்டாவோட ஒப்பிடுங்க. போன வருஷத்தோட இல்ல, மோசமான வருஷத்தோட. சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கி விற்பனையை விட வேகமா ஏறுதான்னும் பாத்துக்கோங்க. வேலை பாக்கறவரா இருந்தா இதைவிட சுலபமான வழி ஒண்ணு இருக்கு: உங்க பி.எஃப் பாஸ்புக். ஒரு மாசத்துக்கான பணத்தை அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள்ள கம்பெனி கட்டணும். பாஸ்புக்ல பதிவாக சில நாள் கூட ஆகலாம். ஆனா ரெண்டு மூணு மாசம் தொடர்ந்து வரவே இல்லன்னா, எச்.ஆர் என்ன சொன்னாலும் கம்பெனிக்குக் கையில காசு இல்லன்னு அர்த்தம்.

பங்குதாரரா இருந்து ரைட்ஸ் இஷ்யூ லெட்டர் வந்துச்சுன்னா, "பங்கு நீர்த்துப் போகுது"ன்னு உடனே எரிச்சல் படாதீங்க. அந்த ஆஃபர் டாக்குமென்ட்ல ரெண்டு விஷயம் பாருங்க. ப்ரொமோட்டர் தன் உரிமைப் பங்கை முழுசா வாங்கறதா எழுத்துல சொல்லியிருக்காரா? திரட்டற பணம் புது மெஷினுக்குப் போகுதா, இல்ல பழைய லோனை அடைக்கப் போகுதா? பழைய லோனை அடைக்கத்தான்னா, அந்தத் துண்டு விழுந்த மூணு கோடி எப்பவோ விழுந்திருச்சு, பில் இப்போதான் உங்க கைக்கு வந்திருக்கு.